வலமிருந்து படிக்க வேண்டிய பெயர்

```
GE1210917C00013000
```

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவருடைய பங்குக் கணக்கு அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தால், ஏதோ ரசீது எண் என்று நினைத்துப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் இது ரசீது எண் அல்ல. ஒரு ஆப்ஷன் ஒப்பந்தத்தின் பெயர். எந்த நிறுவனப் பங்கின் மீது எழுதப்பட்டது, என்றைக்கு முடிகிறது, வாங்கும் உரிமையா விற்கும் உரிமையா, என்ன விலைக்கு என்ற நான்கு விவரங்களும் இந்தப் பதினெட்டு எழுத்துகளுக்குள் இருக்கின்றன. TN 58 என்று பார்த்ததும் மதுரை வண்டி என்று சொல்லிவிடுகிறோமே, அதுபோல இதையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் படிக்கத் தொடங்கும் பக்கம் சரியாக இருக்க வேண்டும். மேலே உள்ள பெயரை இடமிருந்து படித்தால் முதல் அடியிலேயே வழுக்கும். அந்தப் பெயருக்குப் பிறகு வருவோம். முதலில் வம்பில்லாத ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்.

அதற்கும் முன்னால், ஆப்ஷன் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கை இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் காசு கொடுத்து வாங்குவது கால் ஆப்ஷன். இன்ன விலைக்கு விற்கும் உரிமையை வாங்குவது புட் ஆப்ஷன். பேசி வைத்த அந்த விலைதான் ஸ்ட்ரைக். கடைசித் தேதிதான் எக்ஸ்பைரி. உரிமைக்குக் கொடுக்கும் காசு பிரீமியம். அமெரிக்காவில் வழக்கமான பங்கு ஆப்ஷன் ஒப்பந்தம் ஒன்று 100 பங்குகளுக்கானது. திரையில் பிரீமியம் 5.20 என்று தெரிந்தால், கையிலிருந்து போவது 520 டாலர்.

இப்போது பெயர்:

```
AAPL  260116C00250000
```

இது அமெரிக்க ஆப்ஷன் சந்தை முழுவதும் பயன்படுத்தும் வடிவம். அங்கே வாங்கப்படும், விற்கப்படும் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பின்னால் நின்று கணக்குத் தீர்க்கும் அமைப்பு ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஓசிசி. அந்த அமைப்பின் முன்னெடுப்பில் 2010 பிப்ரவரியில் இந்த வடிவம் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 21 இடங்கள். முதல் 6 இடம் பங்கின் குறியீட்டுக்கு. அதை ரூட் என்கிறார்கள். அடுத்த 6 தேதிக்கு. பிறகு ஒரே ஒரு எழுத்து. கடைசி 8 இடம் ஸ்ட்ரைக் விலைக்கு. ஆப்பிளின் குறியீடு AAPL நான்கு எழுத்துதான் என்பதால், ஆறு இடத்தை நிரப்ப இரண்டு வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கின்றன. மேலே இடையில் தெரியும் வெள்ளை இடைவெளி தட்டச்சுப் பிழை அல்ல. அதுவும் பெயரின் பகுதியே.

இனி வலப் பக்கக் கடைசியிலிருந்து எண்ணுங்கள். கடைசி எட்டு இலக்கம் 00250000. இதில் கடைசி மூன்றும் புள்ளிக்குப் பின்னால் வருபவை. அதாவது 00250.000. முன்னால் உள்ள பூஜ்யங்களை உதறினால் 250 டாலர். அந்த எண்ணை ஆயிரத்தால் வகுத்தாலும் அதே விடைதான். அதற்கு இடது பக்கத்தில் உள்ள எழுத்து C, எனவே கால். P என்றிருந்தால் புட். அதற்கும் இடது பக்கம் ஆறு இலக்கம் 260116. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. ஆக 2026 ஜனவரி 16. மீதி எதுவோ அதுதான் பங்கு: ஆப்பிள். ஒரே வாக்கியமாகச் சொன்னால், ஆப்பிள் பங்குகள் நூறைத் தலைக்கு 250 டாலர் விலையில், 2026 ஜனவரி 16 வரை வாங்கிக்கொள்ளும் உரிமை.

இந்தத் தேதியில் நம்மவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு 260116 என்பது 26-01-16 ஆகத் தெரியும். 2016ஆம் ஆண்டுக் குடியரசு தினம்! அமெரிக்கர்களும் இதில் தப்பவில்லை. அவர்கள் மாதத்தை முதலில் எழுதுபவர்கள், 26ஆவது மாதம் ஏது என்று விழிக்க வேண்டும். ஆண்டை முன்னால் வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. ஒரே பங்கின் ஆயிரக்கணக்கான ஆப்ஷன் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால், அவை தாமாகவே தேதி வரிசையிலும் அமைந்துவிடும். ஒவ்வொரு தேதிக்குள்ளும் முதலில் கால்கள், பிறகு புட்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்ட்ரைக் சிறியதிலிருந்து பெரியது. முன்னால் பூஜ்யம் போட்டு எட்டு இலக்கமாக்கியதும் இதற்காகத்தான். பூஜ்யம் இல்லாவிட்டால் அகரவரிசையில் 1000 டாலர், 250 டாலருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படித்த தேதி சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மாதாந்தர ஆப்ஷன்கள் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிகின்றன. நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள்: 2026 ஜனவரியில் வெள்ளிக்கிழமைகள் 2, 9, 16. மூன்றாவது 16. பொருந்துகிறது. வாராந்தர ஆப்ஷன்கள் மற்ற வெள்ளிகளிலும் முடியும்; சில குறியீட்டெண்களுக்கும் ஈடிஎஃப்களுக்கும் வேலை நாள் ஒவ்வொன்றிலும் எக்ஸ்பைரி உண்டு. ஆனால் எந்தப் பெயரைப் பிரித்தாலும் வருகிற தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், பிரித்தது தவறு என்று தைரியமாக முடிவுகட்டலாம்.

சனிக்கிழமை விழுந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். 2015 பிப்ரவரிக்கு முந்தைய மாதாந்தர ஆப்ஷன்களின் பெயரில் மூன்றாவது வெள்ளிக்கு மறுநாளான சனிக்கிழமைதான் இருக்கும். வணிகம் வெள்ளியோடு முடிந்தாலும், தாள்களைச் சரிபார்க்க ஒரு நாள் வேண்டும் என்ற பழைய காலத்து ஏற்பாடு அது. பழைய விலைத் தரவுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. இன்னொன்று புனித வெள்ளி. அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு விடுமுறை. 2025இல் ஏப்ரல் 18 மூன்றாவது வெள்ளி, புனித வெள்ளியும் அதுவே. அதனால் அந்த மாத ஆப்ஷன்களின் பெயரில் 250417 என்று வியாழக்கிழமைத் தேதி இருந்தது. மூன்றாவது வெள்ளியைக் கணக்கிட்டுத் தானே பெயரை உருவாக்கும் நிரல் எழுதியவர்களுக்கு அந்த மாதம் ஒப்பந்தமே கிடைத்திருக்காது.

2010க்கு முன்னால் இருந்ததைப் பார்த்தால், 21 இடங்கள் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்போது ஒரு ஆப்ஷனின் பெயர் அதிகம் போனால் ஐந்து எழுத்து. மைக்ரோசாஃப்டின் 25 டாலர் ஜனவரி கால் என்றால் MSQAE. முதல் மூன்று எழுத்து பங்கைக் குறிக்கும். பங்கின் குறியீடு MSFT நான்கு எழுத்து, ரூட்டுக்கோ மூன்று இடந்தான் என்பதால், MSQ என்று ஒரு மாற்றுப் பெயர். அடுத்த எழுத்து மாதத்தையும் வகையையும் சேர்த்துச் சொல்லும்: A முதல் L வரை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கால்கள், M முதல் X வரை புட்கள். கடைசி எழுத்து ஸ்ட்ரைக்: A என்றால் 5, B என்றால் 10, E என்றால் 25. T வந்தால் 100. அதற்கு மேல்? 105க்கு மறுபடி A. 205க்கும் A. ஆண்டு எங்கே என்று தேடாதீர்கள். அது பெயரிலேயே கிடையாது. நாளும் கிடையாது. அடுத்த ஆண்டு ஜனவரிக்கும், 105 டாலர் ஸ்ட்ரைக்குக்கும் இன்னொரு ரூட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். பங்கின் விலை ஏற ஏற ஒரே நிறுவனத்துக்கு நான்கைந்து ரூட்கள் சேர்ந்துவிடும். எது எதனுடையது என்று பார்க்கத் தனிப் பட்டியலே வைத்திருந்தார்கள். புதிய பெயர் நீளமானதுதான், அழகும் இல்லைதான். ஆனால் பட்டியல் இல்லாமல் படிக்க முடிகிறது.

அந்த மூன்று தசம இடங்கள்

ஸ்ட்ரைக் விலைக்குப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் எதற்கு? பெரும்பாலான ஸ்ட்ரைக்குகள் 5, 2.50, 1 என்ற படிகளில்தான் போகின்றன. அரை டாலர் படியிலும் உண்டு. 362.50 டாலர் என்றால் 00362500. இதற்கெல்லாம் ஒரு தசம இடம் போதும். விடை, பங்குப் பிரிப்பில் இருக்கிறது.

2014 ஜூனில் ஆப்பிள் தன் பங்கு ஒன்றை ஏழாகப் பிரித்தது. அதற்கு முன் ஒருவர் 500 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஒப்பந்தம் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 100 பங்கு, தலைக்கு 500. மொத்தம் 50,000 டாலர். பிரித்த பிறகு 100 பழைய பங்கு என்பது 700 புதிய பங்கு. அவருக்கு நட்டமோ லாபமோ வராமல் இருக்க வேண்டும். எனவே அவரது ஒரு ஒப்பந்தத்தை ஏழு ஒப்பந்தங்களாக்கி, ஸ்ட்ரைக்கை ஏழால் வகுத்தார்கள். 500 வகுத்தல் 7 என்பது 71.428571 என்று நீண்டுகொண்டே போகும். அதை 71.43 என்று முழுமையாக்கினார்கள். பெயரில் அது 00071430. ஆப்ஷன் பட்டியலில் 70க்கும் 75க்கும் நடுவே 71.43 என்று ஒரு வினோத ஸ்ட்ரைக் உட்கார்ந்திருந்தால், அது எப்போதோ நடந்த ஒரு பிரிப்பின் தழும்பு என்று புரிந்துகொள்ளலாம்.

ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ஏழு மடங்கானது, ஸ்ட்ரைக் ஏழில் ஒன்றானது. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தமும் முன்போலவே 100 பங்குக்கானதாக நின்றது. ரூட்டும் AAPL என்றே தொடர்ந்தது. ஒன்று இரண்டாக, நான்காக, பத்தாக என்று முழு எண்ணில் பிரிக்கும்போதெல்லாம் இப்படிச் சுத்தமாக முடிந்துவிடும். சிக்கல் வருவது எதிர்த்திசையில்.

GE1 கதை

2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் பங்குகளை எட்டுக்கு ஒன்றாகச் சேர்த்தது. எட்டுப் பழைய பங்கைக் கொடுத்தால் ஒரு புதிய பங்கு. அப்போது அந்தப் பங்கு 13 டாலரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது. சேர்த்த பிறகு 104ஐ ஒட்டி வந்தது. இங்கே ஆப்ஷனை என்ன செய்வது? ஆப்பிளுக்குச் செய்ததைத் திருப்பிச் செய்ய வேண்டுமானால், எட்டு ஒப்பந்தத்தைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். மூன்று ஒப்பந்தம் மட்டும் வைத்திருப்பவரை என்ன செய்வது? எட்டில் மூன்று பங்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருக்க முடியாது. அதனால் ஒப்பந்த எண்ணிக்கையைத் தொடாமல், ஸ்ட்ரைக்கையும் தொடாமல், ஒப்பந்தத்துக்குள் இருக்கும் பொருளை மாற்றினார்கள். 100 பழைய பங்கு இருந்த இடத்தில் இனி 12 புதிய பங்கும், மீதி அரைப் பங்குக்கான ரொக்கமும். இப்படி உள்ளடக்கம் மாறிய ஒப்பந்தத்தைப் பழைய பெயரிலேயே விட்டால் குழப்பம் என்பதால், ரூட்டின் கடைசியில் ஒரு எண்ணை ஒட்டினார்கள். GE என்பது GE1 ஆயிற்று.

இப்போது முதல் வரியில் பார்த்த பெயருக்குத் திரும்பலாம். ஓசிசி வடிவத்தில் அதன் சரியான உருவம் இது:

```
GE1   210917C00013000
```

பல தரகு நிறுவனங்களின் திரையிலும் விலைத் தரவு தரும் தளங்களிலும் வெற்றிடங்களை எடுத்துவிடுவார்கள். அப்போது அது GE1210917C00013000 ஆகிவிடும். இடமிருந்து படிப்பவர் GE என்று நிறுத்தி, தேதி 121091 என்று எடுத்து, பிறகு 7 என்ற இலக்கத்தை எங்கே வைப்பது என்று திகைப்பார். வலமிருந்து எண்ணினால் இந்தத் தொல்லையே இல்லை. எட்டு இலக்கம்: 00013000, அதாவது 13 டாலர். ஒரு எழுத்து: C, கால். ஆறு இலக்கம்: 210917, அதாவது 2021 செப்டம்பர் 17, அந்த மாதத்தின் மூன்றாவது வெள்ளி. மிச்சம் GE1. வலப்பக்கம் உள்ள 15 இடங்களின் நீளம் ஒருபோதும் மாறாது. நீளம் மாறுவது ரூட் மட்டுமே. ஆகவே மாறாத பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எழுத்தைத் தேடிப் பிடித்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் ஏமாற்றும்: சிட்டிகுரூப்பின் குறியீடே C என்ற ஒற்றை எழுத்து. அதன் கால் ஆப்ஷன் பெயரில் இரண்டு C வரும்.

பெயரைச் சரியாகப் பிரித்துவிட்டோம். ஆனால் பெயரைச் சரியாகப் படித்தவரும் காசை இழக்கக்கூடிய இடம் இதுதான். 2021 ஆகஸ்டில் ஒருவர் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆப்ஷன் பட்டியலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 104. பட்டியலில் 13 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு கால், விலை 0.40 என்று இருக்கிறது. மனம் உடனே கணக்குப் போடும்: 104 டாலர் பங்கை 13 டாலருக்கு வாங்கலாம், தலைக்கு 91 டாலர் மிச்சம், நூறு பங்குக்கு 9,100 டாலர். கொடுப்பதோ வெறும் 40 டாலர். யாரோ தெரியாமல் விற்கிறார், அள்ளிக்கொள் என்று கை பரபரக்கும்.

உண்மைக் கணக்கு வேறு. அந்த உரிமையைப் பயன்படுத்தினால் கட்ட வேண்டியது 13 பெருக்கல் 100, அதாவது 1,300 டாலர். கையில் வருவது 12 பங்கு. அதன் மதிப்பு 1,248 டாலர். அரைப் பங்குக்கான ரொக்கம் ஏறத்தாழ 52. கூட்டினால் 1,300. கொடுத்ததும் 1,300, வாங்கியதும் 1,300. மிச்சம் எதுவும் இல்லை. 0.40 என்பது மிச்சமிருக்கும் நாட்களுக்குள் விலை ஏறலாம் என்ற எதிர்பார்ப்புக்கான கூலி மட்டுமே. பங்குச் சேர்ப்புக்கு முன்னால், 13 டாலர் பங்கின் மீது 13 டாலர் ஸ்ட்ரைக் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் இப்போதும் இருக்கிறது. மாற்றத்தின் நோக்கமே அதுதானே. மாறாதது ஒன்று உண்டு: ஸ்ட்ரைக்கையும் பிரீமியத்தையும் பெருக்கும் எண் இன்னும் 100. பங்கின் எண்ணிக்கை மட்டும் பன்னிரண்டரை. இந்த இரண்டும் வேறு வேறாகப் பிரிந்து போய்விட்டன என்பது பெயரில் எங்கும் எழுதியிருக்காது. அந்தச் சின்ன 1தான் ஒரே எச்சரிக்கை.

ஆக, 1 என்பது "இங்கே ஏதோ மாறியிருக்கிறது" என்று மட்டும் சொல்லும். என்ன மாறியது என்று சொல்லாது. ஒரு நிறுவனம் தன் கிளையைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டாலும் இதே 1 வரும். ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 ஏப்ரலில் தன் திரைப்பட, தொலைக்காட்சித் தொழிலைப் பிரித்து டிஸ்கவரியோடு சேர்த்து, வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி உருவானபோது, அதன் பழைய ஆப்ஷன்கள் T1 ஆயின. அந்த ஒப்பந்தத்துக்குள் 100 ஏடி அண்ட் டி பங்கும், கூடவே 24 வார்னர் பங்கும் கொஞ்சம் ரொக்கமும் இருந்தன. GE1இல் பங்கு குறைந்தது, T1இல் கூடியது. எண் ஒன்றுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓசிசி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அறிவிப்பு வெளியிடுகிறது. அதை இன்ஃபர்மேஷன் மெமோ என்பார்கள். அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழைய பெயர், புதிய பெயர், பெருக்கும் எண், ஒப்பந்தத்துக்குள் உள்ள பொருள் என்று வரி வரியாக இருக்கும். பொருள் என்பதற்கு அங்கே டெலிவரபிள் என்று தலைப்பு. அந்த ஒரு வரியைத்தான் தேட வேண்டும். மெமோ இல்லாமலும் சில அடையாளங்கள் கண்ணில் படும். மாற்றம் கண்ட ஒப்பந்தங்களில் வாங்குவோர் விற்போர் குறைந்துகொண்டே போவார்கள். வாங்க வருபவர் சொல்லும் விலைக்கும் விற்க வருபவர் சொல்லும் விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். பட்டியலில் ஒரே மாதத்துக்கு இரண்டு வரிசை தெரியும்: 100 டாலரைச் சுற்றி நெருக்கமான ஸ்ட்ரைக்குகளோடு புதிய GE ஒன்று, 10, 12, 13 என்று பழைய ஸ்ட்ரைக்குகளோடு GE1 ஒன்று. நம்ப முடியாத அளவு மலிவாக ஒன்று தெரிந்தால், சந்தை தூங்குகிறது என்று நினைப்பதைவிட ரூட்டில் எண் இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

ரூட் என்பதும் பங்கின் குறியீடும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு உதாரணம், எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணின் மீதான ஆப்ஷன்கள்.

```
SPX   260116C06000000
SPXW  260116C06000000
```

இரண்டுக்கும் அதே தேதி, அதே வகை, அதே 6,000 ஸ்ட்ரைக். ஆனால் SPX என்ற மாதாந்தர ஆப்ஷனின் கணக்கு வெள்ளிக்கிழமை காலை பங்குகள் திறக்கும் விலைகளை வைத்துத் தீர்க்கப்படும். அதன் வணிகம் வியாழக்கிழமையே முடிந்துவிடும். SPXW வெள்ளி மாலை வரை நடந்து, முடியும் விலையை வைத்துத் தீர்க்கப்படும். பெயரில் 16 என்று இருப்பதைப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை விற்றுக்கொள்ளலாம் என்று SPXஐ வைத்திருப்பவருக்கு, வியாழன் இரவு நடக்கும் எதுவும் கை மீறியதாகிவிடும். ஒரு W எவ்வளவு பேசுகிறது பாருங்கள்.

தரகர்களின் திரையில் பெயர் இன்னும் சுருங்குவதும் உண்டு. .AAPL260116C250 என்று முன்னால் ஒரு புள்ளியோடோ, கோட்டோடோ எழுதுவார்கள். இதில் ஸ்ட்ரைக் அப்படியே 250. ஆயிரத்தால் வகுக்கக் கூடாது. எழுத்துக்கு வலப்பக்கம் எட்டு இலக்கம் இருந்தால் வகு, குறைவாக இருந்தால் அப்படியே எடு என்பது பெரும்பாலும் போதும்.

நம் ஊர் ஆப்ஷன் பெயர்கள்

இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தையில் ஆப்ஷன் செய்பவர்கள், இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கிருந்து பணம் அனுப்பி வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜின் கட்டுவதற்கு ரிசர்வ் வங்கியின் பண அனுப்பும் திட்டத்தில் அனுமதி கிடையாது. ஆக, மேலே சொன்னது பெரிதும் அங்கேயே சம்பாதித்து அங்கேயே கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான். ஆனால் நம் திரையில் தெரியும் பெயர்களிலும் அதே நான்கு விவரங்கள்தான் இருக்கின்றன, வேறு வரிசையில். குழியும் வேறு.

```
NIFTY25JAN23000CE
NIFTY2510923000CE
```

முதல் பெயரைப் பார்த்ததும் ஜனவரி 25 என்று படிக்காதவர் அபூர்வம். அங்கே 25 என்பது நாள் அல்ல, ஆண்டு. 2025 ஜனவரி மாத ஒப்பந்தம். நாள் பெயரிலேயே இல்லை. அந்த மாதத்தின் கடைசி வியாழனான 30ஆம் தேதி என்று நாட்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது பெயர் வாராந்தரம்: ஆண்டு 25, மாதம் 1, நாள் 09, ஸ்ட்ரைக் 23000. மாதத்துக்கு ஒரே இடம் என்பதால் அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு O, N, D. கடைசியில் உள்ள CE கால், PE புட். E என்பது யூரோப்பியன். முடியும் நாளில் மட்டுமே உரிமையைப் பயன்படுத்தலாம் என்று பொருள். இங்கே ஸ்ட்ரைக்குக்கு நிலையான நீளம் கிடையாது. எனவே வலமிருந்து எண்ணும் வித்தை பாதிதான் பலிக்கும். நிஃப்டி ஐந்து இலக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தவரே 2510923000 என்ற சரத்தை எங்கே வெட்டுவது என்று சொல்ல முடியும். அமெரிக்க வடிவத்தின் பூஜ்யங்களை வீண் என்று நினைப்பவர்கள் இந்தச் சரத்தை ஒருமுறை வெட்டிப் பார்க்கலாம்.

அமெரிக்கக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெயரை எட்டு, ஒன்று, ஆறு என்று வலமிருந்து வெட்டிய பிறகு, மிஞ்சும் ரூட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அது எண்ணாக இருந்தால், ஓசிசி தளத்தில் அந்த ரூட்டின் மெமோவைத் திறந்து டெலிவரபிள் வரியைப் படிக்கும்வரை ஆர்டர் பொத்தானை அழுத்த வேண்டாம். மெமோ இலவசம், படிக்க ஐந்து நிமிடம் ஆகும்.